“இந்தக் கல்லை வைத்தால் பக்கத்தில் குக்கர் வைக்க முடியுமா?”

“கோவையில் ஃபவுண்டரியில் வார்த்து வாங்கி, வார்ப்பு இரும்பு தோசைக்கல்லை எங்கள் சொந்த இணையதளத்தில் விற்கிறோம். அதிகம் போவது 12 இன்ச் கல். அந்தப் பக்கத்தை மாதம் சுமார் 1000 பேர் பார்க்கிறார்கள், 12 பேர்தான் வாங்குகிறார்கள். நாலு மாதம் முன்பு பக்கத்தின் அடியில் கேள்வி பதில் பகுதி சேர்த்தோம். 15 கேள்விகளை நானே எழுதி, பதிலும் போட்டேன். விற்பனை அசையவில்லை. அந்தக் கேள்வி பதில்களை இத்துடன் இணைத்திருக்கிறேன். எங்கே தப்பு செய்கிறேன்?”
– வாசகி, கோவை

வணக்கம். இணைத்திருந்த 15 கேள்விகளையும் பொறுமையாகப் படித்தேன். “இரும்புக் கல்லில் சமைப்பது உடலுக்கு நல்லதா?”, “உங்கள் கல்லின் சிறப்பு என்ன?”, “எத்தனை வருடம் உழைக்கும்?” என்று போகிறது பட்டியல். இவையெல்லாம் விற்பவருக்குப் பதில் சொல்லப் பிடித்த கேள்விகள். உங்கள் பக்கம் வரை வந்துவிட்டவர், இரும்புக் கல் நல்லது என்று ஏற்கெனவே முடிவு செய்துதான் வந்திருப்பார். அவர் தயங்குவது வேறு இடத்தில். அது எந்த இடம் என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது, வாட்ஸ்அப்பில்.

ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு கடந்த ஆறு மாத வாட்ஸ்அப் செய்திகளைத் திறங்கள். கல் வாங்கும் முன்பு ஒருவர் கேட்ட ஒவ்வொரு கேள்வியையும், அவர் எழுதிய அதே வார்த்தைகளில் எழுதுங்கள். திருத்தி எழுத வேண்டாம். “தூண்டல் அடுப்பில் பயன்படுத்த ஏற்றதா” என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். “இண்டக்‌ஷன்ல வெக்கலாமா அக்கா” என்றுதான் கேட்டிருப்பார்கள். ஒரே கேள்வி மறுபடி வந்தால் பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள். தொலைபேசியை எடுப்பவர் வேறு ஒருவர் என்றால் அவரையும் உட்கார வைத்து, நினைவில் இருப்பதைச் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம் திரும்பி வந்த கற்களின் காரணங்களையும் அதே நோட்டில் சேருங்கள். திரும்பி வந்த ஒவ்வொரு கல்லும், வாங்கும் முன் கேட்கப்படாமல் போன ஒரு கேள்விதான்.

சமையல் பாத்திரம் விற்பவர்களோடு வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், உங்கள் நோட்டில் கோடுகள் ஐந்தாறு கேள்விகளில் குவிந்திருக்கும். இண்டக்‌ஷன், எடை, துரு, ஒட்டுவது, கூரியரில் உடைவது. இவற்றோடு நீங்கள் எதிர்பார்க்காத ஒன்றும் இருக்கும். இந்த ஐந்தாறையும் ஒழுங்காகச் சொன்னால் போதும், மீதி பத்தை எடுத்துவிடலாம். சிலவற்றை மட்டும் இங்கே முழுதாகப் பார்ப்போம்.

முதலில் இண்டக்‌ஷன். நீங்கள் இப்போது போட்டிருக்கும் பதில்: “ஆம், எல்லா வகை அடுப்புக்கும் ஏற்றது.” பொய் இல்லை. வார்ப்பு இரும்பைக் காந்தம் பிடிக்கும், ஆகவே இண்டக்‌ஷனில் சூடாகும். ஆனால் கேட்டவரின் சந்தேகம் இதோடு தீராது. வீட்டு இண்டக்‌ஷன் அடுப்புகளில் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் சுருள் பெரும்பாலும் 18 முதல் 20 சென்டிமீட்டர் அகலம்தான். உங்கள் கல் 30 சென்டிமீட்டர். நடுவில் சுள்ளென்று சூடேறும், ஓரம் பின்தங்கும். அதுவும் தெரியாமல் வாங்கியவர் எடுத்தவுடன் உச்ச வாட்டில் வைப்பார். வார்ப்பு இரும்பு உடையக்கூடிய உலோகம். நடு மட்டும் வேகமாக விரிந்து ஓரம் குளிர்ந்தே இருந்தால் கல் விரிசல் விடக்கூடும். அப்படி விரிசல் விட்ட கல் உங்களுக்குத் திரும்பி வரும், கூடவே ஒரு நட்சத்திர மதிப்புரையும் வரும்.

ஆகவே பதிலை இப்படி எழுதலாம்: “வைக்கலாம். கல்லின் அடி சமதளம். ஆனால் உங்கள் அடுப்பின் சுருள் கல்லைவிடச் சிறியதாக இருக்கும் என்பதால் நடுப்பகுதி முதலில் சூடாகும். குறைந்த வாட்டில் 5 நிமிடம் வைத்து, பிறகு கூட்டுங்கள். நடுவில் 8 இன்ச் அளவுக்குத் தோசை ஒரே சீராக வேகும், கல் முழுக்கப் பரப்பும் பெரிய தோசைக்கு கேஸ் அடுப்புதான் சரி. கண்ணாடி மேல் கல்லை இழுக்காமல் தூக்கி வையுங்கள், கீறல் விழும்.” இந்த 8 இன்ச், 5 நிமிடம் இரண்டையும் நான் சொன்னேன் என்று போட்டுவிடாதீர்கள். உங்கள் வீட்டு இண்டக்‌ஷனில் வைத்து, தோசை சுட்டு, எது வரை சிவக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்து அந்த எண்ணைப் போடுங்கள். அடி உண்மையிலேயே சமமாக இருக்கிறதா என்றும் ஸ்கேலை நிறுத்தி வைத்துப் பாருங்கள். அடியில் வளையமோ மேடோ இருந்தால் சில அடுப்புகள் பாத்திரத்தையே உணராது. அப்போது நேர்மையான பதில் “வைக்க வேண்டாம்” என்பதுதான்.

பதிலின் முதல் வார்த்தையே ஆமா, இல்லையா என்று சொல்லிவிட வேண்டும். கேட்டவர் செல்போனில் கட்டைவிரலால் நகர்த்திக்கொண்டே படிக்கிறார். அடுத்து, அவர் தன் வீட்டிலேயே சரிபார்த்துக்கொள்ளக்கூடிய ஓர் அளவு. கடைசியில், எது முடியாது என்பது. இந்தக் கடைசி வரியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். “பெரிய தோசைக்கு கேஸ்தான் சரி” என்று படித்ததும் இண்டக்‌ஷன் மட்டும் வைத்திருக்கும் சிலர் வாங்காமல் போவார்கள். போகட்டும், அவர்கள் வாங்கியிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார்கள். மூன்று கிலோவுக்குக் கிட்டத்தட்ட வரும் ஒரு பொருளுக்குப் போக வர கூரியர் செலவு என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கேஸ் வைத்திருப்பவரோ, இல்லாத ஒன்றை இல்லை என்று சொல்லும் கடை இது என்று மற்றப் பதில்களையும் நம்ப ஆரம்பிப்பார்.

அடுத்து துரு. இதில் ஒருவர் பட்ட பாட்டை அருகிலிருந்து பார்த்தேன். இரும்புக் கடாய் விற்ற அவர், “துரு பிடிக்குமா?” என்ற கேள்விக்கு “நாங்கள் எண்ணெய் பூசிப் பழக்கித் தருவதால் துரு பிடிக்காது” என்று எழுதியிருந்தார். விற்பனை நன்றாகத்தான் ஏறியது. சில வாரம் கழித்து, சிவப்பாகத் துரு படிந்த கடாய்களின் படங்கள் வரிசையாக வர ஆரம்பித்தன. யாரும் கடாயைக் கெடுக்கவில்லை. எவர்சில்வர் பாத்திரம் போலக் கழுவி, ஈரத்தோடு கவிழ்த்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். பதிலை நம்பி அப்படிச் செய்தார்கள். பணத்தைத் திருப்பிக் கொடுத்ததைவிட, அந்தப் படங்கள் பக்கத்திலேயே தங்கிவிட்டதுதான் அவருக்குப் பெரிய நஷ்டம்.

பிறகு அந்தப் பதிலை மாற்றினோம். “பிடிக்கும், ஈரமாக விட்டால். கழுவியதும் துணியால் துடைத்து, அடுப்பில் ஒரு நிமிடம் காயவைத்து, அரை ஸ்பூன் நல்லெண்ணெய் தடவி வையுங்கள். மறந்து துரு வந்துவிட்டால் கடாய் வீணாகவில்லை. நார் போட்டுத் தேய்த்து, கழுவி, காயவைத்து, எண்ணெய் தடவிச் சூடாக்கினால் பழைய நிலைக்கு வரும்.” அதோடு ஒரே கடாயைத் துருவோடும், தேய்த்துப் பழக்கிய பிறகும் எடுத்த இரண்டு படங்கள். துருப்பிடித்த படத்தைத் தன் கடையிலேயே போட அவருக்கு மனசே வரவில்லை. ஆனால் வாங்குபவர் பயப்படுவது துருவுக்காக அல்ல, தன் கைத்தவறால் காசு வீணாகிவிடுமோ என்றுதான். சரிசெய்யலாம் என்று கண்ணால் பார்த்தால் அந்தப் பயம் போய்விடும்.

ஒட்டுமா என்ற கேள்வியும் இதே வகைதான். பழக்கிய கல் என்று எழுதியிருக்கிறீர்கள். கல்லைப் பழக்குவது என்றால் என்ன என்று அம்மாவிடமிருந்து தெரிந்துகொண்டவர்களுக்கு அது போதும். நான்ஸ்டிக்கில் சமைத்துப் பழகிய புதுக் குடித்தனக்காரருக்கு, முதல் தோசையே வழுக்கிக்கொண்டு வரும் என்றுதான் அர்த்தமாகும். முதல் இரண்டு மூன்று தோசை ஒட்டக்கூடும், வெங்காயத்தைப் பாதியாக வெட்டி எண்ணெயில் தொட்டுத் தேய்த்துவிட்டு, கொஞ்சம் கனமாக ஊத்தப்பம் போல ஊற்றி ஆரம்பியுங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒட்டிய முதல் தோசையைப் பார்த்து அவர் பதற மாட்டார்.

இப்போது எடையும் அளவும். உங்கள் பக்கத்தில் “12 இன்ச், கனமானது” என்று இருக்கிறது. எத்தனை கிலோ? பக்கத்தில் எங்குமே இல்லை. 12 இன்ச் விட்டம், 4 மில்லிமீட்டர் கனம் உள்ள வார்ப்பு இரும்புத் தட்டு, கணக்குப் போட்டால் கைப்பிடி இல்லாமலே 2 கிலோவைத் தாண்டும். 5 மில்லிமீட்டர் என்றால் இரண்டரை கிலோவுக்கு மேல். மணிக்கட்டு வலி உள்ளவருக்கு இந்த அரை கிலோ பெரிய விஷயம். தராசில் வைத்து எடுத்த எடையைப் போடுங்கள், பக்கத்திலேயே கைக்குத் தெரிந்த ஓர் ஒப்பீடும் சொல்லுங்கள்: “தண்ணீர் நிறைந்த இரண்டு லிட்டர் பாட்டிலைவிடக் கொஞ்சம் கூடுதல் கனம்.” 12 இன்ச் என்பது ஓரத்தையும் சேர்த்தா, தோசை ஊற்றும் பரப்பு மட்டுமா என்பதையும் சொல்ல வேண்டும்.

எதிர்பார்க்காத ஒரு கேள்வி இருக்கும் என்றேன் அல்லவா? இதே மாதிரி கல் விற்ற இன்னொருவரின் வாட்ஸ்அப்பில் அது இப்படி வந்திருந்தது: “இந்தக் கல்லை வைத்தால் பக்கத்தில் குக்கர் வைக்க முடியுமா?” காலையில் ஒரு பர்னரில் தோசை, இன்னொன்றில் குக்கர் என்று ஓடும் வீட்டில் இதைவிட நியாயமான கேள்வி கிடையாது. விற்பவருக்கு இது தோன்றவே தோன்றாது. அவர் முதலில் “உங்கள் அடுப்பைப் பொறுத்தது” என்று பதில் போட்டிருந்தார், கேட்டவர் போயே போய்விட்டார். அடுப்பைப் பொறுத்ததுதான், ஆனால் எதைப் பொறுத்தது என்று சொல்ல முடியும். இரண்டு பர்னரின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளக்கச் சொல்ல வேண்டும். கல்லின் பாதி அகலம் 15 சென்டிமீட்டர் சொச்சம். 22 சென்டிமீட்டர் குக்கரின் பாதி 11. இரண்டையும் கூட்டினால் 26 சொச்சம். விரல் நுழைய இடம் விட்டு, “நடுவிலிருந்து நடுவுக்கு 28 சென்டிமீட்டர் இருந்தால் இரண்டும் இடிக்காமல் நிற்கும், குறைவாக இருந்தால் எங்கள் 10 இன்ச் கல்லைப் பாருங்கள், கைப்பிடியைக் குக்கர் இல்லாத பக்கம் திருப்பி வையுங்கள்” என்று எழுதினால் அது பதில். கேட்டவர் எழுந்து போய் அளந்து பார்ப்பார். அளக்கப் போனவர் பாதி வாங்கியவர் மாதிரிதான்.

இந்த இடத்தில் ஒரு வேலை இன்னும் மிச்சம் இருக்கிறது. ஒரு கேள்வி மூன்று நான்கு தடவை வந்துவிட்டால், அதன் பதில் கேள்வி பதில் பகுதியில் மட்டும் இருந்தால் போதாது. செல்போனில் பார்ப்பவர் பலர் பக்கத்தின் அடி வரை வருவதே இல்லை. எடையை விலைக்குக் கீழேயே போடுங்கள். குக்கரும் கல்லும் ஒரே அடுப்பில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் படத்தை, சென்டிமீட்டர் குறித்து, இரண்டாவது படமாக வையுங்கள். துரு பற்றிய இரண்டு படங்களும் படவரிசையில் சேரட்டும். கேள்வி பதில் பகுதி, பக்கத்தில் என்ன குறை என்று காட்டிக் கொடுக்கும் இடம். குறை தெரிந்ததும் பக்கத்தின் மேல்பகுதியில் அதைச் சரிசெய்ய வேண்டும். கீழே உள்ள பகுதியிலும் புதிதாக வந்த கேள்வி மேலே என்று தேதி வரிசையில் விடாமல், அதிகம் பேரைத் தடுக்கும் நான்கு கேள்விகளை நீங்களே மேலே நிறுத்துங்கள். பதில் மூடிய பெட்டிக்குள் இருந்து, தட்டினால்தான் திறக்கும் என்றால், இந்த நான்கையாவது திறந்தே வையுங்கள்.

நீங்களே கேள்வி எழுதியது பற்றி. “அடிக்கடி கேட்கப்படுபவை” என்ற தலைப்பில், பதில் கடையிடமிருந்து வருகிறது என்று தெளிவாக இருந்தால் தப்பே இல்லை. ஆனால் உங்கள் 15இல் நாலைந்து கேள்விகள் வாடிக்கையாளர் பெயர் போட்டு வந்திருக்கின்றன, இரண்டு பதில்கள் “நான் வாங்கினேன், அருமை” என்ற குரலில் இருக்கின்றன. தயவுசெய்து இன்றே எடுத்துவிடுங்கள். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விற்பவர் தன்னை நுகர்வோர் போலக் காட்டிக்கொண்டு பொருளைப் பற்றிக் கருத்து எழுதக் கூடாது, பொருளின் தரத்தையும் தன்மையையும் தவறாகச் சொல்லவும் கூடாது. விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் திரும்ப வாங்கிக்கொள்ள மறுக்க முடியாது என்றும் அதே விதிகள் சொல்கின்றன. ஆகவே ஒவ்வொரு பதிலையும் பில்லில் எழுதிக் கொடுக்கும் வாக்கு என்று நினைத்து எழுதுங்கள்.

உண்மையாக வாங்கியவர்களின் பதில் வேண்டுமென்றால் கேட்டாலே கிடைக்கும். கல் போய்ச் சேர்ந்து மூன்று வாரம் கழித்து, “இண்டக்‌ஷனில் வைத்துப் பார்த்தீர்களா? ஒருவர் கேட்டிருக்கிறார்” என்று அந்த ஒரே கேள்வியை அனுப்புங்கள். மதிப்புரை எழுதுங்கள் என்றால் சோம்பல்படுபவர்கள்கூட, இன்னொருவரின் சந்தேகம் என்றால் இரண்டு வரி எழுதிவிடுவார்கள். அதற்குத் தள்ளுபடி கூப்பன் கொடுக்க வேண்டாம். “கொஞ்சம் கனம்தான், என் மாமியாரால் தூக்க முடியவில்லை” என்று வந்தாலும் நீக்காமல் விடுங்கள். அதன் கீழே கடையின் பெயரில் 10 இன்ச் கல்லின் எடையைப் போடுங்கள்.

புதிதாகக் கேள்வி வந்தால் அன்றைக்கே பதில் போக வேண்டும். கேட்டவருக்கு மெயிலோ வாட்ஸ்அப்போ பதிலோடும், அதே கல்லின் பக்கத்துக்கான இணைப்போடும் போகட்டும். இரண்டு நாள் கழித்துப் போகும் பதில் அடுத்தவருக்கு உதவும், கேட்டவருக்கு உதவாது. இரவு பத்து மணிக்கு மேல் வரும் கேள்விக்கு மறுநாள் காலை கடை திறந்ததும் முதல் வேலையாகப் பதில் சொன்னால் சரி. “கூரியரில் உடைந்து வந்தால்?” என்ற கேள்விக்கு மட்டும் நேரத்தையும் வழியையும் எழுதுங்கள்: பெட்டியைத் திறக்கும்போது எடுத்த படம் எந்த எண்ணுக்கு அனுப்ப வேண்டும், எத்தனை நாளுக்குள், உடைந்த கல்லைத் திருப்பி அனுப்ப வேண்டுமா வேண்டாமா, மாற்றுக் கல் எத்தனை நாளில் கிளம்பும். “கவலை வேண்டாம், பார்த்துக்கொள்கிறோம்” என்ற வரி யாருடைய கவலையையும் போக்கியதில்லை.

கேள்வி பதிலை, தேடுபொறி படித்துப் புரிந்துகொள்ளும் குறிப்பிட்ட குறியீட்டில் போட்டுக் கொடுத்தால் கூகுள் தேடலில் விரிந்து தெரியும் என்று உங்களிடம் யாராவது தனிப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். `FAQPage` குறியீட்டுக்குக் கிடைத்துவந்த அந்தத் தோற்றத்தை, 2023 ஆகஸ்ட்டில் கூகுள் பெயர்பெற்ற அரசு, மருத்துவத் தளங்களோடு நிறுத்திக்கொண்டது. `QAPage` என்ற இன்னொரு குறியீடு, ஒரே கேள்விக்குப் பலர் பதில் எழுதும் பக்கத்துக்கானது, பல கேள்விகள் சேர்ந்திருக்கும் பொருள் பக்கத்துக்கு உரியது அல்ல.

பலன் தெரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது? இங்கேதான் அவசரப்படக் கூடாது. 1000 பேரில் 12 பேர் வாங்கும் பக்கத்தில், நீங்கள் ஒன்றுமே மாற்றாவிட்டாலும் ஒரு மாதம் 8, இன்னொரு மாதம் 17 என்று தற்செயலாகவே வரும். அடுத்த மாதம் 16 வந்தால் துள்ள வேண்டாம், 9 வந்தால் பழையதை மாற்றவும் வேண்டாம். மாற்றத்துக்கு முந்தைய மூன்று மாதத்தையும் பிந்தைய மூன்று மாதத்தையும் வைத்துப் பாருங்கள், இரண்டிலும் தீபாவளியோ தள்ளுபடியோ ஒரு பக்கம் மட்டும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்பே வேறோர் அடையாளம் தெரியும். எடையைப் போட்ட பிறகும் வாட்ஸ்அப்பில் “எத்தனை கிலோ?” என்று வந்துகொண்டிருந்தால், பதில் கண்ணில் படும் இடத்தில் இல்லை. அந்தக் கேள்வி நின்று, “10 இன்ச் எப்போது ஸ்டாக் வரும்?” போன்ற கேள்விகள் வர ஆரம்பித்தால், சந்தேகம் தீர்ந்து ஆட்கள் அடுத்த படிக்குப் போய்விட்டார்கள். திரும்பி வரும் கற்களின் காரணத்தையும் நோட்டில் தொடர்ந்து எழுதுங்கள். இண்டக்‌ஷன், துரு, கனம் என்று வருவது குறைகிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, ஃபவுண்டரியில் அச்சை மாற்றினால் உங்களுக்குச் சொல்லச் சொல்லி வையுங்கள். புது அச்சில் கனம் ஒரு மில்லிமீட்டர் கூடினாலே எடை அரை கிலோ ஏறும், அடியின் சமதளமும் மாறக்கூடும். புது வார்ப்பின் முதல் கல் வந்த அன்றே தராசிலும் இண்டக்‌ஷனிலும் வைத்துப் பார்த்து, பழைய பதில்களில் உள்ள எண்களைத் திருத்தி, திருத்திய தேதியையும் கீழே போட்டுவிடுங்கள்.